இணைபும் காரணமும்: அழைப்பு நிலைய ஊழியர் ஈடுபாட்டு ஆய்வுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தொலைபேசி வழியாக வாடிக்கையாளருக்குச் சேவை வழங்கும் அழைப்பு நிலையங்கள் அளவீட்டின் பிடிக்குள் முழுமையாக அகப்பட்ட தொழிற்றலங்களாகும். ஊழியர் ஒருவர் எத்தனை அழைப்புகளை ஏற்றார், ஒவ்வோர் அழைப்பிலும் எத்தனை விநாடி செலவிட்டார், எப்பொழுது இருக்கையை விட்டு எழுந்தார், எப்பொழுது திரும்பினார் என்பன யாவும் கணினியிற் பதிவாகின்றன. ஆயினும் அவர் மனநிலையைக் கணினி பதிவு செய்வதில்லை. அக்குறையை நிரப்பவே ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ ஊழியர் கையில் வினாக்கொத்தொன்று கொடுக்கப்படுகின்றது. விடைகள் தொகுக்கப்படுகின்றன, பணி ஈடுபாட்டை உயர்த்தும் 'முதன்மை உந்துகாரணிகள்' எவை என ஒரு பட்டியல் வெளிவருகின்றது, அப்பட்டியலின்படி முகாமைத்துவம் பணத்தையும் நேரத்தையும் செலவிடுகின்றது.

அப்பட்டியலில் இடம்பெறுவன உண்மையிற் காரணங்கள்தாமா, அன்றி ஈடுபாட்டோடு சேர்ந்து தோன்றும் வெறும் துணை நிகழ்வுகளா என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள். இதனைப் புள்ளிவிவரவியலாரின் நுண்ணிய ஐயம் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. பட்டியல் பிழைக்குமாயின், குற்றமற்ற குழுத்தலைவர் பழி சுமப்பார். வேலைநேர ஒழுங்கினால் அல்லற்படும் ஊழியருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைக்கும். அல்லலோ அப்படியே இருக்கும்.

கருத்தும் அளவுகோலும்

பணி ஈடுபாடு என்னும் கருத்தினை ஆய்வுலகிற்கு அறிமுகம் செய்தவர் வில்லியம் கான். 1990 இல் வெளியான அவரது கட்டுரை, கோடைகால முகாமொன்றின் பணியாளரையும் கட்டடக்கலை நிறுவனமொன்றின் ஊழியரையும் அவதானித்தும் உரையாடியும் எழுதப்பட்டது. மனிதர் தம் பணியில் எத்தருணத்தில் தம்மை முழுமையாக ஈடுபடுத்துகின்றனர், எத்தருணத்தில் தம்மை விலக்கிக்கொள்கின்றனர் என்பதே அவர் எழுப்பிய வினா. ஒரே மனிதரிடத்துத் தருணத்துக்குத் தருணம் ஏறி இறங்குவதாகவே அவர் ஈடுபாட்டைக் கண்டார்.

பின்வந்தோர் அதனை எண்ணால் அளக்க முற்பட்டனர். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரப் பெயரால் வழங்கும் அளவுகோல் உற்சாகம், அர்ப்பணிப்பு, ஆழ்ந்த கவனம் என்னும் மூன்று கூறுகளைக் கொண்டது. கலப் நிறுவனத்தின் பன்னிரு வினாக்கள் வேறு வழியிற் செல்வன. தன்னிடம் எதிர்பார்க்கப்படுவது யாது என ஊழியருக்குத் தெரியுமா, அண்மையிற் பாராட்டுப் பெற்றாரா, பணியிடத்தில் நெருங்கிய நண்பர் உளரா என அவை வினவுகின்றன. முன்னையது ஊழியரின் உளநிலையைக் கேட்கின்றது. பின்னையது பெரும்பாலும் அவரது சூழலைக் கேட்கின்றது. நடைமுறையிலோ இவ்விரு வகை வினாக்களும் ஒரே தாளிற் கலந்து கேட்கப்பட்டு, சூழல் பற்றிய விடைகள் உளநிலை பற்றிய விடைகளுக்குக் 'காரணம்' எனக் கொள்ளப்படுகின்றன. சிக்கல் இங்குதான் தொடங்குகின்றது.

பட்டியல் பிறக்கும் விதம்

உந்துகாரணிப் பட்டியல் தயாரிக்கும் முறை எளிது. ஒவ்வொரு வினாவுக்குமான விடைக்கும் மொத்த ஈடுபாட்டுப் புள்ளிக்கும் இடையிலான இணைபுக் குணகம் கணிக்கப்படுகின்றது. குணகம் பெரிதாக உள்ள வினா 'முக்கியமானது' எனப்படுகின்றது. முக்கியமானதாகவும் புள்ளி குறைந்ததாகவும் இருப்பதே உடனடியாகச் சீர்செய்யப்பட வேண்டியது என முடிவு செய்யப்படுகின்றது. இம்முறையில் உள்ள இரு குறைகள் விரிவாக நோக்கத்தக்கவை.

முதலாவது, இரு புறத்து விடைகளையும் தருபவர் ஒருவரே என்பது. அன்று காலை சினமுற்ற வாடிக்கையாளர் ஒருவரின் வசவைக் கேட்டுவிட்டு வினாக்கொத்தை நிரப்பும் ஊழியர், குழுத்தலைவரைப் பற்றிய வினாவுக்கும் குறைந்த புள்ளியிடுவார். நிறுவனத்தைப் பற்றிய வினாவுக்கும் குறைந்த புள்ளியிடுவார். தம் உற்சாகத்திற்கும் அவ்வாறே இடுவார். உவகையோடு இருப்பவரோ எல்லாவற்றுக்கும் மேலான புள்ளி இடுவார். இவ்வாறு ஒரே மனநிலை எல்லா விடைகளிலும் சாயமேற்றுவதால், எவ்வினாவும் எவ்வினாவோடும் ஓரளவு இணைந்தே காணப்படும். இந்நிறுவனத்திற் பணிபுரிவதிற் பெருமை கொள்கிறீரா என்ற வினா பட்டியலில் முதலிடம் பெறுவது வழக்கம். ஆனால் பெருமை ஈடுபாட்டின் காரணமன்று. அது ஈடுபாட்டின் ஒரு கூறு. காய்ச்சலுக்குக் காரணம் உடற்சூடு எனக் கூறுவது போன்றதே இது.

இச்சாயம் எவ்வளவு என்பதை அறியவும் ஒரு வழி உண்டு. ஈடுபாட்டோடு தொடர்பு கொள்ள நியாயமில்லாத வினாவொன்றை வினாக்கொத்தில் முன்கூட்டியே சேர்த்துவிடலாம். வாகனத் தரிப்பிடத்தின் வசதி பற்றிய வினாவை, அதனைப் பயன்படுத்தாத ஊழியரிடத்தும் கேட்பது ஓர் உதாரணம். அவ்வினாவும் ஈடுபாட்டோடு இணைபு காட்டுமாயின், அவ்வளவும் பொதுவான மனநிலையின் விளைவு எனக் கொள்ளலாம். ஏனைய வினாக்களின் இணைபு அவ்வளவைத் தாண்டும் பகுதியே மேலும் ஆராயத்தக்கது. பல நிலையங்களின் நீண்ட பட்டியல்கள் இச்சோதனையின் முன் சுருங்கிவிடக்கூடும்.

இரண்டாவது குறை இதற்கு நேர்மாறானது. இணைபு என்பது வேறுபாட்டிலிருந்தே பிறப்பது. எல்லோருக்கும் ஒரே அளவாக அமைந்த ஒன்று எதனோடும் இணைபு காட்டாது. அழைப்பு நிலையத்தில் சம்பள அளவுத்திட்டம் எல்லோருக்கும் ஒன்றே. இடைவேளை விதி எல்லோருக்கும் ஒன்றே. விநாடி தவறாத கண்காணிப்பும் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே இவை ஊழியரின் சோர்வுக்குத் தலையாய காரணங்களாக இருப்பினும் பட்டியலின் அடியிற்கூட இடம்பெறாமற் போகலாம். குழுவுக்குக் குழு வேறுபடுவன குழுத்தலைவர்களே. எனவே குழுத்தலைவரின் பண்பு பட்டியலில் ஓங்கித் தோன்றுகின்றது. நிறுவனம் தான் இயற்றிய விதியின் விளைவைக் காணாது, அவ்விதியை நடைமுறைப்படுத்துவோரின் குணத்தைக் காண்பது இதன் பயனாகும். இம்முறை முகாமைத்துவத்திற்கு உவப்பாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மறைந்து நிற்கும் மூன்றாவது

இரு பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து தோன்றுவதற்கு, அவ்விரண்டையும் பிறப்பித்த மூன்றாவதொன்று பின்னால் நிற்பதும் காரணமாகலாம். இதனை விளக்கக் கற்பனையான ஓர் அழைப்பு நிலையத்தைக் கொள்வோர், கணக்கினை எளிதாகப் பின்தொடரலாம்.

அந்நிலையத்தில் 200 ஊழியர் உளர். பகற்பணியில் 100 பேர். இரவுப் பணியில் 100 பேர். 'குழுத்தலைவர் என் வேலையைப் பாராட்டுகின்றார்' என்ற கூற்றுக்கு 100 பேர் ஆம் என்கின்றனர். 100 பேர் இல்லை என்கின்றனர். ஆம் என்றோரில் 65 பேர் ஈடுபாடு மிக்கவர்; இல்லை என்றோரில் 35 பேரே அத்தகையோர். இடைவெளி 30 பேர். இதனைக் கண்ட முகாமையாளர், பாராட்டே ஈடுபாட்டின் உந்துகாரணி எனத் துணிந்து, குழுத்தலைவர்களுக்குப் பாராட்டும் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்வார்.

இனி அதே 200 பேரையும் பணிநேரத்தின்படி பிரித்து நோக்குக. பகற்பணியாளருள் பாராட்டுப் பெற்றோர் 80 பேர். அவருள் ஈடுபாடு மிக்கவர் 60. பாராட்டுப் பெறாதோர் 20 பேர்; அவருள் ஈடுபாடு மிக்கவர் 15. இரு பிரிவிலும் நால்வருக்கு மூவர். இரவுப் பணியாளருள் பாராட்டுப் பெற்றோர் 20 பேர். அவருள் ஈடுபாடு மிக்கவர் 5. பாராட்டுப் பெறாதோர் 80 பேர், அவருள் 20. இரு பிரிவிலும் நால்வருக்கு ஒருவர். எனவே பகலிலும் சரி, இரவிலும் சரி, பாராட்டினால் விளைந்த வேறுபாடு யாதும் இல்லை. 30 பேர் இடைவெளி முழுவதும் பணிநேரத்தின் விளைவே. பகலிற் குழுத்தலைவர் அருகில் இருப்பதாற் பாராட்டு மிகுதி. உறக்கம் கெடாமையால் ஈடுபாடும் மிகுதி. இரவில் ஒரு தலைவர் பலரைக் கவனிக்க வேண்டியிருப்பதாற் பாராட்டுக் குறைவு; உடற்களைப்பினால் ஈடுபாடும் குறைவு. இந்நிலையத்திற் பயிற்சிக்குச் செலவிட்ட பணம் ஈடுபாட்டில் ஒருவரையேனும் கூட்டாது.

எண்கள் எளிமைக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டவை; உண்மை வாழ்வில் வேறுபாடு முற்றாக மறைவது அரிது, குறைவதே பெரும்பான்மை. எனினும் இதிலிருந்து பிறிதொரு தவறான பாடத்தையும் சிலர் கற்றுக்கொள்கின்றனர். கையிற் கிடைத்த எல்லா மாறிகளையும் சமன்பாட்டினுள் இட்டு 'கட்டுப்படுத்தி'விட்டால் எஞ்சுவது காரணமே என்பது அவர்தம் எண்ணம். அது பொருந்தாது. நல்ல குழுத்தலைவர் ஒருவர் தம் குழுவினருக்கு வசதியான விடுமுறை நாட்களைப் பெற்றுக்கொடுப்பதன் மூலமே அவர்தம் ஈடுபாட்டை உயர்த்துகின்றார் எனக் கொள்க. விடுமுறை வசதியைக் கட்டுப்படுத்திக் கணித்தால், தலைவரின் செல்வாக்கு மறைந்துவிடும். உண்மையான காரணமொன்று பொய்யெனத் தோன்றும். பணிநேரம் பாராட்டுக்கு முன்னே நிற்பது. ஆதலால் அதன்படி பிரித்தல் தகும். விடுமுறை வசதி தலைவருக்குப் பின்னே நிற்பது. ஆதலால் அதன்படி பிரித்தல் தகாது. எது முன், எது பின் என்பதை எண்கள் உரைப்பதில்லை. நிலையத்தின் நடைமுறையை அறிந்தவரே அதனை உரைக்க வல்லவர்.

திசை பற்றிய ஐயம்

ஈடுபாடு மிக்க கிளைகள் வணிகத்திலும் சிறந்து விளங்குகின்றன என்பதற்குச் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுவது, ஹார்ட்டர், ஷ்மிட், ஹேய்ஸ் ஆகியோர் 2002 இல் வெளியிட்ட தொகுப்பாய்வாகும். 36 நிறுவனங்களைச் சேர்ந்த 7,939 கிளைகளின் தரவுகளை அது ஒன்றுசேர்த்தது. ஊழியர் திருப்தியும் ஈடுபாடும் வாடிக்கையாளர் திருப்தி, இலாபம், பணிவிலகற் குறைவு ஆகியவற்றோடு இணைந்து செல்வதை அது காட்டிற்று. தரவின் பரப்பை நோக்கும்போது இணைபு உண்டு என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் அடுத்த ஆண்டிலேயே ஷ்னைடரும் அவர்தம் சகாக்களும் வேறொரு வினாவை எழுப்பினர். முன்னே வருவது ஊழியர் மனப்பாங்கா, நிறுவனத்தின் செல்வமா என்பதே அது. 35 நிறுவனங்களின் எட்டாண்டுத் தரவுகளைக் காலவரிசைப்படி ஒப்பிட்டபோது, முந்திய ஆண்டுகளின் நிதி வெற்றி பிந்திய ஆண்டுகளின் ஊழியர் திருப்தியை முன்னறிவித்தமை, திருப்தி வெற்றியை முன்னறிவித்தமையிலும் வலுவாகக் காணப்பட்டது. செழிக்கும் நிறுவனத்தில் ஊழியர் மகிழ்வர் என்பது வியப்புக்குரியதன்று. ஆனால் மகிழ்ச்சியை விலைக்கு வாங்கிச் செழிப்பைப் பெறலாம் என எண்ணியோருக்கு அது கசப்பான செய்தி. அழைப்பு நிலையத்திலும் இவ்வையத்திற்கு இடமுண்டு. அழைப்புகளைத் திறம்பட முடிக்கும் ஊழியர் ஊக்கத்தொகை பெறுகின்றார். நல்ல பணிநேரம் பெறுகின்றார். அதனால் ஈடுபாடு கொள்கின்றார். அவ்வாறாயின் திறமையே முன். ஈடுபாடு அதன் நிழல்.

காலவரிசை ஒப்பீடு திசையை ஓரளவு காட்டுமேயன்றி, மறைந்து நிற்கும் மூன்றாவதை விலக்கவல்லதன்று. அதனை விலக்க வேண்டுமாயின் ஒன்றை மாற்றிப் பார்த்தல் வேண்டும். அதுவும் யாருக்கு மாற்றுவது என்பதை எழுமாறாகத் தீர்மானித்தல் வேண்டும். அவ்வாறு செய்த அழைப்பு நிலையமொன்று உண்டு.

ஷாங்காய்ப் பரிசோதனை

சீனாவின் பெரும் பிரயாண முகவர் நிறுவனமான சிட்ரிப், ஷாங்காய் நகரில் தனது அழைப்பு நிலையத்தை நடத்திவந்தது. அலுவலக வாடகை ஏறிவந்தமையும் ஊழியர் அடிக்கடி விலகிச் சென்றமையும் அதன் இரு கவலைகள். ஊழியரை வீட்டிலிருந்து பணிபுரிய விடலாமா என்பது எழுந்த வினா. நிறுவனத்தின் தாபகருள் ஒருவரான ஜேம்ஸ் லியாங் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகவும் இருந்தமையால், நிக்கலஸ் புளூம் முதலியோருடன் இணைந்து இதனைப் பரிசோதனையாகவே நடத்த முடிந்தது. அதன் முடிவுகள் 2015 இல் வெளியாயின.

விருப்பந் தெரிவித்தோருள் தகுதியுடையோர் 249 பேர். ஆறு மாத சேவையும், வீட்டில் இணைய இணைப்பும், பணிபுரியத் தனியறையும் தகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தன. பிறந்த திகதி இரட்டை எண்ணாக அமைந்தோர் வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலிருந்தும் ஒரு நாள் அலுவலகத்திலும் பணிபுரிந்தனர்; ஒற்றை எண்ணாக அமைந்தோர் வழமைபோல் அலுவலகத்திலேயே இருந்தனர். பணி, பணிநேரம், கணினி முறை யாவும் இரு சாராருக்கும் ஒன்றே. 2010 டிசெம்பரில் தொடங்கிய பரிசோதனை ஒன்பது மாதங்கள் நீடித்தது.

பிறந்த திகதியினாற் பிரித்தமையின் நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. விரும்பியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விரும்பாதவரோடு ஒப்பிட்டிருந்தால், பயண நேரம், குடும்பநிலை, வீட்டு வசதி ஆகிய யாவும் ஒப்பீட்டிற் கலந்திருக்கும். திகதி இரட்டையா ஒற்றையா என்பதோ ஒருவரின் திறமையோடும் மனநிலையோடும் தொடர்பற்றது. ஆகவே ஒன்பது மாத முடிவில் இரு சாராரிடையே தோன்றிய வேறுபாட்டினை, எதேச்சையாக நேரக்கூடிய சிறு ஏற்றத்தாழ்வு நீங்கலாக, பணியிட மாற்றத்திற்கே உரித்தாக்கலாம்.

வீட்டிலிருந்தோரின் பணித்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. பணிவிலகல் பாதியாகக் குறைந்தது. வினாக்கொத்திலும் அவர்கள் கூடிய பணித் திருப்தியைத் தெரிவித்தனர். ஊழியர் ஈடுபாட்டை விதந்து பேசுவோருக்கு இம்மூன்றும் ஒருசேரக் கிடைத்த நற்செய்தி போலத் தோன்றும். திருப்தி உயர்ந்தது, அதனாலே திறன் உயர்ந்தது, அதனாலே விலகல் குறைந்தது என அவர்கள் கதை சொல்லக்கூடும்.

ஆனால் அப் 13 சதவீதத்தைப் பகுத்து நோக்கியபோது வேறொரு படம் தெரிந்தது. அதில் ஏறத்தாழ 9 சதவீதம், ஊழியர் ஒவ்வொரு பணிமுறையிலும் கூடுதலான நிமிடங்கள் தொலைபேசியில் இருந்தமையால் விளைந்தது. இடைவேளைகள் குறைந்தன, நோய் விடுப்புக் குறைந்தது. எஞ்சிய 4 சதவீதமே, ஒரு நிமிடத்திற் கூடுதலான அழைப்புகளை முடித்தமையால் வந்தது. அதற்கும் வீட்டின் அமைதி காரணமாகச் சுட்டப்பட்டது. திருப்தியினால் விளைந்த உற்சாகம் இவற்றிலே பங்குகொண்டிருக்கலாம். எனினும் திருப்தி யாதும் மாறாமலே இவ்விளைவின் பெரும்பகுதி நிகழ்ந்திருக்கவும் கூடும். சற்றுப் பிந்தி எழுந்தாலும் மேசைக்கு நேரத்தோடு வந்துவிடக்கூடியவர், பேருந்துக்குக் காத்து நிற்பவரைவிடக் கூடுதலான நிமிடங்கள் பணியில் இருப்பார். அவர் மகிழ்ந்தாரா என்பது வேறு கேள்வி.

இப்பரிசோதனை கற்பிக்கும் பாடங்களுள் இதுவே தலையாயது. எழுமாற்று ஒதுக்கீடு எதனை மாற்றியதோ அதனையே காரணமெனக் காட்டும். இங்கு மாற்றப்பட்டது பணியிடம், திருப்தி அன்று. பணியிட மாற்றம் திருப்தியையும் உயர்த்திற்று, திறனையும் உயர்த்திற்று. பரிசோதனை நடந்ததையே அறியாத பகுப்பாளர் ஒருவர் இந்நிலையத்தின் வினாக்கொத்தையும் அழைப்புப் பதிவுகளையும் மட்டும் பெற்றிருப்பாராயின், திருப்திக்கும் திறனுக்கும் இடையே இணைபைக் கண்டிருப்பார். திருப்தியே உந்துகாரணி என எழுதியிருப்பார். அதனை நம்பிய நிறுவனம் அலுவலகத்தில் விருந்தும் விளையாட்டும் நடத்தியிருக்கும். இடைவேளை நிமிடங்களோ குறைந்திரா.

பரிசோதனையின் பின் நிகழ்ந்ததும் குறிப்பிடத்தக்கது. வீட்டிலா அலுவலகத்திலா என்பதை ஊழியரே தெரியலாம் என நிறுவனம் அறிவித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் தம் இடத்தை மாற்றிக்கொண்டனர். வீட்டில் இருந்தோர் பலர் தனிமையை முறையிட்டு அலுவலகம் திரும்பினர். இத்தெரிவின் பின் வீட்டுப்பணியின் ஆதாயம் 22 சதவீதமாயிற்று. அஃதாவது, ஒரே மாற்றம் ஒருவருக்கு ஆக்கமாகவும் மற்றவருக்குக் கேடாகவும் அமையலாம். சராசரி இதனை மறைத்துவிடும். ஒரு நிலையம் முழுவதற்கும் ஒரே உந்துகாரணிப் பட்டியலை வழங்கும் வழக்கத்தின்மீது இது மேலும் ஓர் ஐயத்தை எழுப்புகின்றது.

மனநிலையையே மாற்றிப் பார்த்தல்

மனநிலை உண்மையிலேயே திறனுக்குக் காரணமாகுமா என்பதை அறிய, சூழலில் வேறு எதனையும் மாற்றாது மனநிலையை மட்டும் மாற்றுவதொன்று வேண்டும். கிளெமென் பெலே, யான் இம்மானுவேல் டி நேவ், ஜோர்ஜ் வோர்ட் ஆகியோர் பிரித்தானிய டெலிகொம் நிறுவனத்தின் அழைப்பு நிலையங்களில் அத்தகையதொன்றைத் தேடினர். 11 நிலையங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,800 விற்பனை ஊழியரிடம், ஆறு மாத காலம் வாரந்தோறும் மின்னஞ்சல் மூலம் ஒரே வினா கேட்கப்பட்டது. மிக்க துயரம் முதல் மிக்க மகிழ்ச்சி வரையிலான ஐந்து முகச்சித்திரங்களுள் ஒன்றைத் தெரிவதே விடை. அவ்விடைகள் நிறுவனத்தின் விற்பனைப் பதிவுகளோடு இணைக்கப்பட்டன.

ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாது, ஒரே ஊழியரின் ஒரு வாரத்தை அவரது மற்றொரு வாரத்தோடு ஒப்பிட்டமை இதன் முதற் சிறப்பு. இயல்பிலேயே உற்சாகமானவர் திறமையானவராகவும் இருப்பதனால் வரும் மயக்கம் இவ்வாறு நீங்கிற்று. விற்பனை எண்ணிக்கை கணினிப் பதிவிலிருந்து வந்தமையால், இருபுற விடையையும் ஒருவரே தரும் குறையும் இங்கு இல்லை. இரண்டாவது சிறப்பு, வானிலையைத் துணைக்கொண்டமை. மந்தாரமான வாரங்களில், யன்னல் மிகுந்த கட்டடத்தில் இருப்போரின் மனநிலை தாழ்ந்தது. வாடிக்கையாளரோ நாடெங்கும் பரந்திருப்பவர். நிலையத்தின் மேலுள்ள முகில் அவர்களைத் தொடாது. ஆகவே அம்முகில் விற்பனையைத் தொடுமாயின், ஊழியரின் மனநிலை வழியாகவே தொட்டிருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளரின் வாதம். மகிழ்ச்சி கூடிய வாரங்களில் விற்பனை கூடியது என்றும், அழைப்பை விற்பனையாக மாற்றும் திறனின் வழியே அது பெரிதும் விளைந்தது என்றும் அவர்கள் முடிவு செய்தனர்.

இவ்வாதம் திறமானது, ஆனால் அதன் எல்லைகளையும் கூறுதல் வேண்டும். முகிலும் மந்தாரமும் உறக்கத்தையும் பயணத்தையும் பாதிக்குமாயின், மனநிலை ஒன்றே வழி என்ற எடுகோள் தளரும். அன்றியும் வானிலை மாற்றுவது வாரத்து உணர்வை. கான் பேசிய ஈடுபாட்டையோ நிறுவனத்தின் மீதான பற்றையோ அன்று. விற்பனைப் பணியிற் குரலின் மலர்ச்சி பயன்தரும். முறைப்பாடுகளைத் தீர்க்கும் பணியிலோ கட்டண விளக்கம் கூறும் பணியிலோ அதே பயன் உண்டு என இதிலிருந்து துணிய இயலாது. இவ்வாய்வு உறுதிசெய்வது ஒன்றே: மகிழ்ச்சியும் சில பணிகளில் உண்மையான காரணமாகலாம். ஷாங்காயின் பாடத்தை இது மறுப்பதன்று. அதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது.

மதிப்பீடு

வினாக்கொத்து பயனற்றது என்பது இவற்றாற் பெறப்படும் முடிவன்று. ஊழியர் எங்கே வருந்துகின்றனர் என்பதை அறிய அதனினும் எளிய வழி இல்லை. அது காரணத்தைக் கூறும் என எதிர்பார்ப்பதே பிழை. வினாக்கொத்து ஐயங்களை எழுப்பட்டும். அவ்வையங்களைத் தீர்ப்பது வேறொரு செயலாக அமையட்டும்.

அச்செயல் அழைப்பு நிலையத்தில் அத்துணை அரிதன்று. புதிய பணிநேர ஒழுங்கொன்றை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தாது, சீட்டுக்குலுக்கி வந்த வரிசைப்படி மாதத்துக்குச் சில குழுக்களாக அறிமுகப்படுத்தினால், காத்திருக்கும் குழுக்கள் தாமே கட்டுப்பாட்டுக் குழுக்களாகிவிடும். எவருக்கும் நன்மை மறுக்கப்படுவதில்லை. வரிசை மட்டுமே வேறுபடும். இங்கு எண்ணப்பட வேண்டியது ஊழியரின் தொகையன்று, குழுக்களின் தொகையே. 200 பேர் 12 குழுக்களாக இருந்தாற் கிடைப்பன 12 ஒப்பீடுகளே; அவ்வளவிற் சிறு மாற்றங்கள் புலப்படா. மாறாக, மிகக் குறைந்த புள்ளி பெற்ற குழுக்களையே தெரிந்தெடுத்துப் பயிற்சி அளித்துவிட்டு, மறு ஆண்டில் அவை உயர்ந்தமையைப் பயிற்சியின் வெற்றியெனக் கொண்டாடுதல் பெருவழக்காக உள்ளது. தற்செயலாக அடியில் நின்றவை பயிற்சி இன்றியும் மறு அளவீட்டில் நடுவை நோக்கி நகரும் என்பது புள்ளிவிவரவியலின் பழைய பாடம்.

இறுதியாக, வினாக்கொத்து ஒருபோதும் சென்றடையாத ஒரு கூட்டத்தாரையும் குறிப்பிடுதல் தகும். பணிவிலகல் மிகுந்த அழைப்பு நிலையத்தில், மிகவும் வருந்தியோர் ஆண்டிறுதிக்கு முன்னரே சென்றுவிடுகின்றனர். எஞ்சியோரின் விடைகளைக் கொண்டே சராசரி கணிக்கப்படுகின்றது. இரவுப் பணியைத் தாங்க இயலாதோர் விலகியபின், இரவுப் பணியாளரின் ஈடுபாட்டுப் புள்ளி உயரவும் கூடும். அதனை முன்னேற்றமென அறிக்கை கூறும். எனவே ஈடுபாட்டுப் புள்ளியைப் படிப்போர், அதே காலத்தில் எத்தனை பேர், எக்குழுவிலிருந்து, எப்பணிநேரத்திலிருந்து விலகினர் என்ற கணக்கையும் அருகில் வைத்தே படித்தல் வேண்டும். அக்கணக்கு ஊதியப் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ளது. அதனைப் பெற ஊழியரிடம் புதியதொரு வினாவும் கேட்க வேண்டியதில்லை.